இருபத்து நான்காம் பிறையும் முந்நூறு ஜிபியும்

என் கணவர் ரஃபி இறந்த அன்று எங்கள் வீட்டு நெட்டும் படுத்துவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டி முடித்து, கடைசியாக முகம் பார்க்க துபாயிலிருந்து அவர் தம்பி அஸ்ஃபாக் வீடியோவில் வந்தான். அவன் அழுவது எங்களுக்குக் கேட்டது. "முகத்தைக் காட்டுங்க, யாராவது முகத்தைக் காட்டுங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். நாங்கள் காட்டிக்கொண்டேதான் இருந்தோம். அவனுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்வரை அவன் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்து அழுதான். அந்தக் கோபம் அவனுக்கு என் மேல் இன்னும் இருக்கிறது.

பூனாவில், போபோடியில் எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே ரஃபியின் பை, சூட்கேஸ் கடை. மேலே இரண்டு அறை. வீட்டுக்குள்ளிருந்தே ஓர் இரும்பு ஏணிப்படி கடைக்கு இறங்கும். அன்று மதியம் அந்தக் கடையில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரஃபி போய்விட்டார். வயது நாற்பத்தொன்று. நான் சோறு போட்டு வைத்துவிட்டு மேலேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எரிச்சலோடு கூப்பிட்டேன். அந்த மூன்றாவது தடவையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அதன் பிறகு கடையின் ஷட்டரை யாரும் தூக்கவில்லை. மாமனார் ஷாகுல் ஹமீது ஏணிப்படிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். பூட்டு கூட இல்லை, வெறும் துணி. ஆனால் அதை அவிழ்க்க எனக்கோ என் ஒன்பது வயது மகள் ஷாஜியாவுக்கோ கை வரவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவக் காப்பீட்டு உதவி எண்ணில். வீட்டிலிருந்தேதான். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது என் தமிழைக் கேட்டுச் சிரித்த ஊர் இது. அதே தமிழுக்குத்தான் சம்பளம். மதுரையிலிருந்தும் கடலூரிலிருந்தும் கூப்பிடுகிறவர்களிடம், "சார், பாலிசியில நாலாவது பக்கம் பாருங்க, அறை வாடகைக்கு ஒரு உச்சவரம்பு போட்டிருப்பாங்க" என்று சொல்வது என் தொழில். அவர்கள் "அதை யாரும்மா படிக்கறாங்க" என்பார்கள். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிக்கணும் சார்" என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொல்வேன்.

நாற்பது நாள் கழித்து, கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தபடியே மறுபடி வேலையைத் தொடங்கினேன். வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் மாமனாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் ஓர் அம்மா, "ஹலோ... ஹலோ... யாராவது இருக்கீங்களா?" என்றார். நான் இருந்தேன். தொண்டை கிழியப் பேசினேன். அவர் குரல் எனக்குக் கண்ணாடி மாதிரி கேட்டது, என் குரல் அவருக்குப் போகவில்லை. "யாரோ இருக்காங்க, மூச்சு விடற மாதிரி இருக்கு" என்று அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார். அஸ்ஃபாக்குக்கு நடந்த அதேதான் இது.

பத்து நாள் அப்படியே இருந்தது. கேபிள்காரர் கெய்க்வாடிடம் புகார் சொன்னேன். அவர் இன்று, நாளை என்று இழுத்து, வந்து சேர்ந்தது பதினோராவது நாள். அன்று காலையே வேகம் தானாகத் திரும்பிவிட்டது. நெட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், ஃபைபர் வயரில் ஒரு கருவியை மாட்டி வெளிச்சத்தின் அளவு பார்த்தார். "லைன் ஏக்தம் டீக் ஹை, பாபி" என்றார். லைனில் ஒரு குறையும் இல்லையாம். அவர் பார்த்த பார்வையில், புருஷனை இழந்தவள் ஏதோ புலம்புகிறாள் என்று எழுதியிருந்தது.

அவர் போனதும் மாமனார் தினசரி நாட்காட்டியின் முன்னால் போய் நின்றார். ஊரிலிருந்து தபாலில் வருகிற நாட்காட்டி அது. ஆங்கிலத் தேதிக்குக் கீழே பிறையும் போட்டிருக்கும். கிழித்த தாள்களை அவர் எறிவதில்லை, ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறார்.

"நீ தேதி பாக்குதே பிள்ள. நான் பிறை பாக்குதேன்" என்றார். "அவன் மவுத்தானது முஹர்ரம் பிறை இருவத்து நாலு. அன்னிக்கு நின்னுச்சு. அடுத்தது சஃபர் இருவத்து நாலு. இந்தத் தடவ ரபியுல் அவ்வல், இருவத்தஞ்சு. ஒரு நா முன்னப் பின்ன, பிறை பாக்குததுல வாரதுதான்."

"அதுக்கு என்ன மாமா?"

"வாரான். பத்து நா இருந்துட்டுப் போறான்."

அவர் அதை மழை வருகிறது என்பது போலச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. வருகிறவர் நேராக வரட்டுமே, என் பிழைப்பில் ஏன் கை வைக்க வேண்டும்? ஆனால் மகனைப் பறிகொடுத்தவரிடம் எதைச் சொல்வது? ராத்திரியில் ஷாஜியா என் காதில், "உம்மா, வாப்பா வந்தா ஏன் நெட் ஸ்லோ ஆகுது?" என்று கேட்டாள். அப்போதுதான் பிள்ளைக்கும் இது போய்விட்டது என்று தெரிந்தது.

அக்டோபர் பதினெட்டாம் தேதி அதே கோளாறு மறுபடி வந்தது. பிறை இருபத்தைந்து. இந்தத் தடவை கெய்க்வாடை போனிலேயே பிடித்துக் கத்தினேன். அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஏதோ சொன்னார். என் இந்தி கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான். எனக்குக் கேட்டது இதுதான்: "பாபி, ஃபூபி லக் கயா ஹோகா. மஹினா கதம் ஹோனே தோ."

"மாமா, ஃபூபி லக் கயாங்கறாரு. அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. இந்தச் சந்தில் அப்பாவின் அக்கா தங்கையை எல்லாரும் ஃபூபி என்பார்கள். ரஃபியை வளர்த்தது அவருடைய ஃபூபி நூர்ஜஹான்தான். உம்மா பிரசவத்தில் போன பிறகு, தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்து அண்ணன் பிள்ளைகளை வளர்த்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். லக் கயா என்றால் பிடித்துக்கொண்டது, ஒட்டிக்கொண்டது.

"ஃபூபி புடிச்சிருக்கும்ங்கறானா? அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமனார். பிறகு, "அவதான் கூட்டிட்டுப் போயிருக்கா. தனியா விட மாட்டா" என்றார். அதில் பயத்தை விட ஆறுதல் அதிகமாக இருந்தது. எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து சாத்தியிருக்கும் ஏணிப்படிக் கதவைத் தாண்டிச் சமையல் பக்கம் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். சில சமயம் கீழேயிருந்து ஒரு மெல்லிய உறுமல் கேட்டது, தையல் மெஷினைக் கையால் சுற்றினால் வருமே, அந்த மாதிரி. நிற்கும், மறுபடி கேட்கும். எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலிக்கு ஏது மோட்டார் என்று உடனே மனசு கேட்டது.

நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை. காலை பதினொரு மணிக்கு வேகம் விழுந்தது. பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து என் மேலாளர் கிரிஜா கூப்பிட்டார்.

"ஷஃபானா, நான் உங்களுக்காக ரெண்டு மாசம் பேசிட்டேன். இந்த வியாழக்கிழமை ஆடிட். உங்க கால்ஸ்லருந்து பத்து எடுத்துக் கேப்பாங்க. ரெண்டுல குரல் போகலைன்னாலும் ஹோம் ரோஸ்டர்லருந்து எடுத்துருவாங்க. பூனா ஆபீஸ்ல தமிழுக்கு சீட் கிடையாது, உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"வேற கனெக்‌ஷன் போட முடியாதா?"

புது இணைப்புக்குக் கம்பெனி லேப்டாப்பில் அனுமதி வாங்கவே ஒரு வாரம் ஆகும். அதையும் அவரே சொன்னார். இத்தா முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. கடையும் போய், இந்த வேலையும் போனால் ஷாஜியாவையும் மாமனாரையும் வைத்துக்கொண்டு நான் ஊருக்கு, அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து வந்த அழைப்பு திண்டுக்கல்லிலிருந்து, கிருஷ்ணஸ்வாமி என்று ஒரு பெரியவர். மனைவிக்கு அறுவை சிகிச்சை, பாதிப் பணம்தான் வந்திருக்கிறது என்றார். "சார், முழுசா கிடைக்கும்னு முதல் பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கும். பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கா பாருங்க. அந்த நட்சத்திரம் எங்க போகுதுன்னு கடைசிப் பக்கத்துல தேடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் "ஹலோ? அம்மா? போயிட்டீங்களா?" என்றார். போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றேன். "போயிட்டாங்க போல" என்று அவர் வைத்துவிட்டார். இறந்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. எல்லாம் கேட்கும், பதில் மட்டும் போய்ச் சேராது.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். பிறகு எனக்கு வெட்கமாக வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நட்சத்திரத்தைத் தேடு என்று சொல்கிறவள், என் வீட்டு நெட்டுக்கு என்ன நிபந்தனை என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

முதலில் பெட்டியிலிருந்து வயரை நேராக லேப்டாப்பில் செருகி வேகம் அளந்தேன். 0.97. மறுபடி அளந்தேன். 0.98. ஐந்து தடவையும் அதே. கெட்டுப்போன லைன் இப்படி இருக்காது. ஒரு சமயம் ஏழு காட்டும், ஒரு சமயம் பூஜ்யம் காட்டும். இது கத்தரியால் வெட்டின மாதிரி ஒன்றுக்குச் சற்றுக் கீழே நேராக நின்றது. யாரோ ஓர் அளவு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ரஃபியின் கோப்பில் ரசீது கிடைத்தது. ஜூன் முப்பதாம் தேதி ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தார். அதனால்தான் மாதாமாதம் பில் என்று எதுவும் வரவில்லை. திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'அன்லிமிடெட்' என்று இருந்தது. அதன் தலையில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரம்.

என் கைபேசியின் நெட்டில் அந்தக் கம்பெனியின் தளத்தைத் திறந்து, நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். பதினாலு பக்கம், எல்லாம் ஆங்கிலம். எனக்கு இந்த மாதிரி ஆங்கிலம்தான் தெரியும். ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. முந்நூறு ஜிபி வரை அறுபது எம்பிபிஎஸ் வேகம். அதற்கு மேல் இணைப்பு நிற்காது, ஆனால் வேகம் ஒரு எம்பிபிஎஸ்ஸாகக் குறைக்கப்படும். இறக்குவது, ஏற்றுவது இரண்டும் கணக்கில் சேரும். மிச்சமானது அடுத்த சுழற்சிக்குப் போகாது. சுழற்சி என்பது காலண்டர் மாதம் அல்ல, தொடங்கிய நாளிலிருந்து முப்பது நாள். வருடத்துக்குக் கட்டியவர்களுக்கும் முப்பது நாளுக்கு ஒரு முறை கணக்கு புதிதாகும்.

இதற்கெல்லாம் மேலே கறுத்த எழுத்தில் தலைப்பு: ஃபேர் யூசேஜ் பாலிசி. அதைச் சுருக்கி அடுத்த வரியிலிருந்து மூன்றே எழுத்தில் எழுதியிருந்தார்கள். எஃப், யூ, பி.

நான் அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தேன். ஃபுப். கெய்க்வாட் வண்டியில் போய்க்கொண்டே சொன்னது இதைத்தான். எஃப்யூபி லக் கயா, மாதம் முடியட்டும். ஒரு மாதமாக அந்தப் பாவப்பட்ட நூர்ஜஹான் ஃபூபியைப் பேயாக்கி ஏணிப்படிக் கதவில் நிறுத்தியிருந்தோம். சிரிப்பு வந்தது, சிரித்தேன், பிறகு அது அழுகையாகிவிட்டது.

நாட்காட்டித் தாள்களை எடுத்துப் பரப்பினேன். ஆங்கிலத் தேதி: இருபது, பத்தொன்பது, பதினெட்டு, பதினெட்டு, பதினேழு. பின்னால் போகிறது. பிறை: இருபத்து நாலு, இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தாறு. முன்னால் போகிறது. நான் இங்கிலீஷ் மாதத்தில் தேடினேன், மாமனார் பிறையில் தேடினார். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது. நாளை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக முப்பது. ஜூன் முப்பதில் தொடங்கி இருபதாம் நாள் தீர்ந்திருக்கிறது. ரஃபி போனதும் அந்த இருபதாம் நாள்தான். ஒரு நாள் முன்னால் போயிருந்தால் அஸ்ஃபாக் முகம் பார்த்திருப்பான்.

ஆனால் ஒன்று இடித்தது. எங்கள் வீட்டில் இருப்பது என் வேலை, ஷாஜியாவின் கார்ட்டூன், மாமனார் கேட்கும் மார்க்கப் பயான். இருபது நாளில் முந்நூறு ஜிபி யார் தின்றது? கணக்கைப் பார்க்கக் கம்பெனியின் செயலியில் நுழைய வேண்டும். ஓடிபி போவது ரஃபியின் எண்ணுக்கு.

ரஃபியின் போன் தொலைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதற்கும் எண்ணைப் போட்டு அழுத்தினேன். அடுத்த அறையில், மாமனாரின் ஜிப்பா பையில் டிங் என்று கேட்டது.

நான் போய் நின்றபோது அவர் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"அவங்க போன் உங்கட்டயா இருக்கு மாமா?"

"சார்ஜ் மட்டும் போடுதேன்" என்றார். "அவன் நம்பருக்கு நான்தான் ரீசார்ஜ் பண்ணிட்டு வாரேன். அது நிக்கக் கூடாது பாரு. அவனுக்கு மெசேஜ் வருது பிள்ள. மொதல்ல ஒண்ணு வரும், வரப்போறேன்னு. நாலு நா கழிச்சு இன்னொண்ணு வரும். அன்னிக்கு வந்துருவான்."

போனைத் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியும், குர்ஆன் ஓதுவார், ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது. இரண்டிரண்டாகப் பத்துச் செய்திகள் இருந்தன. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் முந்நூறு ஜிபியில் எண்பது சதவீதம் தீர்ந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, நூறு சதவீதம் தீர்ந்தது, இருபத்தேழாம் தேதி வரை உங்கள் வேகம் ஒரு எம்பிபிஎஸ். அதை அவருக்குப் படித்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "கம்பெனிக்காரன் மெசேஜ் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செயலி திறந்தது. இறக்கியது எண்பத்து நாலு ஜிபி. ஏற்றியது இருநூற்றுப் பதினாறு.

அதைப் பார்த்ததும் பழைய பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் வெளியே எதையும் அனுப்புகிறவர்கள் அல்ல. என் குரல் ஒரு நாளெல்லாம் பேசினாலும் அரை ஜிபி ஆகாது. ஒரு நாளைக்குப் பத்து, பதினோரு ஜிபி, விடாமல், இந்த வீட்டிலிருந்து யாரோ எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முகவரியை லேப்டாப்பில் போட்டு, எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்று பார்த்தேன். என் லேப்டாப். என் போன். ஷாஜியாவின் டேப். மாமனார் போன். ரஃபி போன். ஆறாவதாக ஒன்று: ரஃபி துகான். துகான் என்றால் கடை. அதற்கு நேராக, இணைப்பில் உள்ளது என்று பச்சையாக எரிந்தது.

தாழ்ப்பாளின் துணியை அவிழ்த்தேன். மதியம் மூன்று மணி. ஷட்டரின் இடுக்கில் வந்த வெயிலில் பைகள் வரிசையாகத் தொங்கின. நாலு மாதத் தூசி. அவர் நாற்காலி அப்படியே இருந்தது. அதன் எதிரே, மேல் தட்டில், ஆண் கை முட்டி அளவில் வெள்ளையாக ஒரு கேமரா நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. நான் கடைசிப் படியில் கால் வைத்ததும் உர்ர் என்று உறுமி என் பக்கம் திரும்பியது. நான் கேட்ட சத்தம் அதுதான். எலி ஓடினாலும் திரும்பியிருக்கும்.

எப்போது மாட்டினார்? ஜூன் முப்பதாகத்தான் இருக்கும், புதுத் திட்டத்தோடு. என்னிடம் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாகக் கடையில் இருக்கும்போது நெஞ்சு அடைப்பதாகத் தன் வாப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேலேயிருந்து வாப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்று மாட்டியிருக்கிறார். அசைந்தாலும் அசையாவிட்டாலும் இருபத்து நாலு மணி நேரமும் பதிவு. காலி நாற்காலியை அது நாலு மாதமாக ஒரு நொடி விடாமல் எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தாவின் வெள்ளைப் புடவை, தலையில் வெள்ளை முக்காடு.

கேமராவிலிருந்து குரல் வந்தது.

"ரஃபி?"

மாமனாரின் குரல். மேலேயிருந்து அல்ல, எனக்கு எதிரேயிருந்து, தகர டப்பாவுக்குள் பேசுவது போல. "வந்துட்டியாடா வாப்பா? அன்னிக்கு நான் கண்ண அசந்துட்டேன்டா. பாத்துட்டுதான் இருந்தேன். கொஞ்சம் கண்ண அசந்துட்டேன்."

"மாமா, நான்தான், ஷஃபானா" என்றேன். "மாமா, நான்தான்."

"பேச மாட்டியாடா? கோவமா?" என்றது கேமரா. என் குரல் போகவில்லை. கீழே நடப்பது மேலே தெரிய, அது முதலில் எங்கோ இருக்கும் கம்பெனிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த ஒரே எம்பிபிஎஸ்ஸில் படம் முட்டி மோதிக்கொண்டிருந்தது.

நான் படியில் ஓடி ஏறினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ரஃபியின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் முன்னால் நின்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். திரையில், மங்கலாக, கட்டம் கட்டமாக உடைந்து, வெள்ளையாக ஓர் உருவம் இன்னும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது நான். அரை நிமிடத்துக்கு முந்தைய நான். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து, படிப்பக்கம் நகர்ந்து மறைந்தது.

"நீயா பிள்ள" என்றார்.

"நான்தான் மாமா."

அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அந்தக் கதவைத் திறக்காமல் இருந்த நாலு மாதமும், அவர் தினமும் காலி நாற்காலிக்குக் காவல் இருந்திருக்கிறார். நான் மட்டும்தான் ரஃபியைக் கைவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் இரண்டு பேர் அப்படி நினைத்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு, முப்பது நாள், ஃபுப், வியாழக்கிழமை ஆடிட், வேலை. அவர் கேட்டுக்கொண்டார். "அதை அமத்தணுமா?" என்றார்.

"அமத்த வேண்டாம் மாமா. எப்பவும் அனுப்பிட்டே இருக்கறத நிறுத்தினாப் போதும். எதாவது அசைஞ்சா மட்டும் எடுன்னு மாத்திரலாம். நாம தெறந்து பாத்தாலும் தெரியும், ஆனா என் கால் நேரத்துல பாக்கக் கூடாது."

"அசைஞ்சா மட்டுந்தான் எடுக்குமா?"

"ஆமா."

அவர் போனைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப இனிமே ஒண்ணும் வராது" என்றார். பிறகு போனை என் மடியில் வைத்தார். "மாத்திரு. பிள்ளைக்குச் சோறு வேணும்லா."

நான் மாற்றினேன். என் விரலால்தான் மாற்ற வேண்டியிருந்தது.

வேகம் அந்த வாரம் முழுக்க அதே ஒன்றுதான். ஆனால் ஒரு குரல் போய்வர அதில் பத்தில் ஒரு பங்கு போதும், இடித்துக்கொண்டு முன்னால் ஓட யாரும் இல்லையென்றால். வியாழக்கிழமை பத்து அழைப்பிலும் என் குரல் போனது. கிரிஜா ஒரு வரி அனுப்பினார், பிழைத்துக்கொண்டீர்கள் என்று. இருபத்தேழாம் தேதி கணக்கு புதிதாகி அறுபது திரும்பியது. டிசம்பர் பதினேழு, முப்பதாவது நாள், வந்து போனது. செயலியில் எண்பத்தாறு ஜிபி என்று இருந்தது. எதுவும் நிற்கவில்லை. யாரும் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். அலமாரியில் கிடந்த ரஃபியின் போன் டிங் என்றது. ஆங்கிலத்தில் ஒரே வரி: ரஃபி துகான், அசைவு தெரிகிறது.

போனை எடுத்தேன். மாமனாரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. திறந்தேன். படம் துல்லியமாக, உடனே வந்தது. மாமனார் கீழே ரஃபியின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் துடைத்திருந்தார். புதுத் தொப்பி போட்டிருந்தார். கேமராவை நேராகப் பார்த்து, கையை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார்.

"தெரியுதாடா?" என்றார். "கேக்குதா?"

நான் திரையில் பேசுவதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

"கேக்குது மாமா" என்றேன்.